நான்கு வேக மாறிலிகளிலிருந்து ΔH‡, ΔS‡: ஒரு கோடும் அதன் பலவீனமான முனையும்

[திரையில்: வாட்டர் பாத்தில் இரண்டு குடுவைகள், பக்கத்தில் கண்டக்டிவிட்டி மீட்டர்]

வணக்கம். எத்தில் அசிட்டேட்டும் சோடியம் ஹைட்ராக்சைடும் வினைபுரியும் வேகத்தை அளப்பது, மதுரைப் பக்கம் எம்.எஸ்சி. வேதியியல் படிப்பவர்களுக்குப் பழக்கமான சோதனை. நான்கு வெப்பநிலைகளில் வேக மாறிலியை எடுத்து, அர்ஹீனியஸ் கோடு போட்டு, கிளர்வு ஆற்றலைக் கண்டுபிடித்ததும் பெரும்பாலும் நோட்டை மூடிவிடுகிறோம். அதே நான்கு எண்களிலிருந்து இன்னொரு தகவலும் கிடைக்கும்: இடைநிலைக்குப் போகும்போது மூலக்கூறுகள் எவ்வளவு சுதந்திரத்தை இழக்கின்றன என்பது. அதுதான் கிளர்வு என்ட்ரோபி. ஆனால் அந்த எண்ணை நம்புவதற்கு முன் அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

[திரையில்:]

```
k = (kB T / h) · exp(ΔS‡/R) · exp(−ΔH‡/RT)
```

இது ஐரிங் சமன்பாடு. 1935-இல் ஹென்றி ஐரிங் வெளியிட்டார். அதே ஆண்டில் எவன்ஸும் போலன்யியும் தனியாக இதே முடிவுக்கு வந்தார்கள். வினைபடு பொருள்களும் இடைநிலையும் சமநிலையில் இருப்பது போல எடுத்துக்கொள்வதுதான் இதன் அடிப்படை. அப்படிப் பார்த்தால் இடைநிலைக்கும் ஒரு என்தால்பி, ஒரு என்ட்ரோபி உண்டு. இருபுறமும் T-ஆல் வகுத்து மடக்கை எடுத்தால் நேர்கோடு கிடைக்கும்.

[திரையில்:]

```
ln(k/T) = −(ΔH‡/R)(1/T) + ln(kB/h) + ΔS‡/R
ln(kB/h) = 23.76
```

சாய்வு என்தால்பியைத் தரும். வெட்டுத்துண்டிலிருந்து 23.76-ஐக் கழித்தால் என்ட்ரோபி வரும்.

இனி கணக்கு. விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை. இந்த வினைக்கு 25 டிகிரியில் வழக்கமாகக் கிடைக்கும் 0.11 என்ற மதிப்போடு பொருந்தும்படி வைத்திருக்கிறேன்.

[திரையில்: 30 °C – 0.151, 35 °C – 0.205, 40 °C – 0.276, 45 °C – 0.367. அலகு: லிட்டர்/(மோல்·விநாடி)]

30 டிகிரி என்பது 303.15 கெல்வின். 0.151-ஐ அதால் வகுத்து மடக்கை எடுத்தால் −7.605. 45 டிகிரிக்கு அதையே செய்தால் −6.765. இரண்டுக்கும் வித்தியாசம் 0.840. 1/T-இல் உள்ள வித்தியாசம் 0.0001555. ஆகவே சாய்வு ஏறத்தாழ −5400. அதை 8.314-ஆல் பெருக்கிக் குறியை மாற்றினால் ΔH‡ 44.9 கிலோஜூல்/மோல். இதோடு RT-யைக் கூட்டினால் 47.5 வரும். அர்ஹீனியஸ் கோட்டிலிருந்து கிடைக்கும் கிளர்வு ஆற்றலும் அதுதான், அதனால் இதுவரை கணக்கு சரி.

வெட்டுத்துண்டு 10.21. அதில் 23.76-ஐக் கழித்தால் −13.55. R-ஆல் பெருக்கினால் ΔS‡ −113 ஜூல்/(கெல்வின்·மோல்).

இந்தக் குறை எண்ணுக்குப் பொருள் உண்டு. தனித்தனியாக நீந்திக்கொண்டிருந்த எஸ்டர் மூலக்கூறும் ஹைட்ராக்சைடு அயனியும் இடைநிலையில் ஒன்றோடொன்று கட்டுப்படுகின்றன. இரண்டாக இருந்தபோது இருந்த நகர்வும் சுழற்சியும் அப்போது குறைந்துபோகின்றன. இரண்டு துகள் சேரும் வினைகளில் இப்படிப் பெரிய குறை மதிப்பு வருவது இயல்பு. ஆனால் −113 முழுவதையும் அதன் கணக்கில் எழுதிவிட முடியாது. ஹைட்ராக்சைடைச் சுற்றி நிற்கும் நீர் மூலக்கூறுகள் இடம் மாறுவதும் இதே எண்ணுக்குள் இருக்கிறது. இந்தச் சோதனையால் மட்டும் இரண்டையும் பிரிக்க இயலாது.

[திரையில்: அதே கோடு, k நிமிட அலகில்]

இப்போது அலகு. சிலர் நேரத்தை நிமிடத்தில் குறித்து, k-ஐ 9.06 என்று அப்படியே கோட்டில் போட்டுவிடுகிறார்கள். சாய்வு துளிகூட மாறாது, என்தால்பி சரியாகவே வரும். அதனால்தான் தவறு கண்ணில் படுவதில்லை. வெட்டுத்துண்டு மட்டும் ln 60 அளவு, அதாவது 4.09 ஏறிவிடும். என்ட்ரோபி −113-லிருந்து −79-க்கு வந்துவிடும். kB T/h விநாடிக்கு இத்தனை என்ற கணக்கில் இருப்பதால் k-யும் விநாடியில்தான் இருக்க வேண்டும். அதேபோல, செறிவை லிட்டருக்கு ஒரு மோல் என்ற திட்டநிலையில் வைத்திருக்கிறோம் என்பதையும் விடையோடு எழுத வேண்டும். அதைச் சொல்லாத −113-ஐ வேறொருவருடைய எண்ணோடு ஒப்பிட வழியில்லை.

[திரையில்: வரைபடம் இடதுபுறம் நீண்டு 1/T = 0 வரை போகிறது]

இதைவிட ஆழமான சிக்கல் இந்தப் படத்தில் தெரிகிறது. நம் புள்ளிகள் 0.00314-க்கும் 0.00330-க்கும் நடுவே நெருக்கமாக இருக்கின்றன. வெட்டுத்துண்டோ பூஜ்யத்தில். தெப்பக்குளத்துக் கரையில் ஒரு மீட்டர் கம்பைக் கிடத்தி, அதன் நேர்கோடு இருபது மீட்டர் தள்ளி எங்கே போய் முட்டும் என்று கணிப்பதற்குச் சமம் இது. கம்பு கொஞ்சம் திரும்பினாலும் அந்தக் கோடியில் நிறைய விலகும்.

எவ்வளவு விலகும் என்று பார்ப்போம். 45 டிகிரியில் k ஐந்து சதவீதம் குறைந்து 0.349 ஆகிவிட்டது என்று வையுங்கள். இரு முனைப் புள்ளிகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் என்தால்பி 42.2 ஆகிறது, என்ட்ரோபி −122 ஆகிறது. இரண்டும் சேர்ந்தே நகர்கின்றன. ஆனால் 30 டிகிரியில் ΔH‡ − TΔS‡ எடுத்துப் பார்த்தால் முன்பும் 79.1, இப்போதும் 79.1. கிளர்வு கிப்ஸ் ஆற்றல் அசையவே இல்லை, ஏனென்றால் அது அந்த வெப்பநிலையின் k-யிலிருந்தே நேராக வருகிறது. அதனால் இரண்டு வினைகளின் என்ட்ரோபியில் பத்து ஜூல் வித்தியாசம் வந்தால், இந்தக் குறுகிய வெப்பநிலை இடைவெளியை வைத்து அதற்கு நான் எந்த விளக்கமும் சொல்ல மாட்டேன்.

ஐந்து சதவீதப் பிழை அவ்வளவு எளிதில் வருமா? வரும். இந்த வினையின் வேகம் டிகிரிக்கு ஆறு சதவீதம் ஏறுகிறது. ஒரு டிகிரி பிசகினாலே போதும்.

நம்ம ஊர்ச் சித்திரை மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் 37 டிகிரி. அலமாரியில் இருக்கும் எஸ்டர் கரைசலும் 37. அதை எடுத்து 30 டிகிரி பாத்தில் இருக்கும் குடுவையில் ஊற்றினால் கலவை தொடக்கத்தில் 30-க்கு மேலேதான் இருக்கும், k கூடுதலாக வரும். அதே கரைசலை 45 டிகிரிக் குடுவையில் ஊற்றினால் கலவை குளிர்ந்து k குறைவாக வரும். இரு முனைகளும் அறை வெப்பநிலையை நோக்கி இழுக்கப்படுவதால் கோடு சாய்வு குறைந்து படுக்கிறது. என்தால்பி சிறியதாகிறது, என்ட்ரோபி மேலும் குறை மதிப்பாகிறது. நான்கு புள்ளிகளும் அழகாக ஒரே கோட்டில் நிற்கலாம் என்பதால் வரைபடத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

இதைக் காட்டிக்கொடுப்பது ஒவ்வொரு ஓட்டத்தின் முதல் சில அளவீடுகள்தான். இரண்டாம் வகை வினைக்கான நேர்கோட்டில், 30 டிகிரி ஓட்டம் தொடக்கத்தில் செங்குத்தாக ஏறிப் பிறகு தணியும். 45 டிகிரி ஓட்டம் மெதுவாகத் தொடங்கிப் பிறகு வேகமெடுக்கும். அப்படித் தெரிந்தால் அந்த ஓட்டங்களை மறுபடி எடுக்க வேண்டும். இரண்டு கரைசல்களையும் மூடி, பாத்திலேயே கால்மணி நேரம் வைத்த பிறகு கலக்குங்கள். வெப்பமானியைப் பாத்தில் அல்லாமல் குடுவைக்குள் வையுங்கள்.

[திரையில்: பாத்தில் ஐஸ் கட்டிகள், 15 °C]

அப்புறம், முடிந்தால் ஐஸ் போட்டு 15 டிகிரியில் ஒரு ஓட்டம் எடுங்கள். வெப்பநிலை இடைவெளி இரட்டிப்பாகும். நம்முடைய முதல் கோடு அங்கே k 0.057 என்கிறது, பிசகிய கோடு 0.060 என்கிறது. ஐந்து சதவீத வித்தியாசத்தைப் பிரித்தறிய ஒரே ஓட்டம் போதாது, அதனால் 15 டிகிரியில் மூன்று முறையாவது எடுத்துச் சராசரியைக் கோட்டில் சேருங்கள்.