மின்சாரம் போன இரவில் ஆன்லைன் தேர்வுக்குக் கூடுதல் அவகாசம் கேட்பது எப்படி?

[திரையில்: தலைப்பு]

வணக்கம். அஞ்செட்டி, பென்னாகரம், தேன்கனிக்கோட்டை போன்ற காட்டை ஒட்டிய பகுதிகளில், கோடை மழைக் காற்றில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்துவிட்டால், மாலையில் போன மின்சாரம் மறுநாள் காலைதான் வரும் என்பது நம் மாணவர்களுக்குத் தெரிந்ததே. அன்றிரவே ஆன்லைன் தேர்வுக்குக் கெடு முடிகிறது என்றால் என்ன செய்வது? கல்லூரிகள் பல பயன்படுத்தும் மூடுல் தளத்தை வைத்து விளக்குகிறேன்.

[திரையில்: ஆசிரியர் பார்க்கும் Overrides பக்கம்]

முதலில் ஆசிரியரின் பக்கத்திலிருந்து பார்ப்போம். மூடுல் வினாடி வினாவில், வகுப்பு முழுவதற்கும் கெடுவை மாற்றாமல், ஒரே ஒரு மாணவருக்கு மட்டும் முடியும் நேரத்தையும், எழுதும் கால அளவையும், எத்தனை முறை எழுதலாம் என்பதையும் ஆசிரியரால் மாற்றித் தர முடியும். ஆகவே உங்கள் கோரிக்கை அவருக்குப் பெரிய வேலை அன்று. ஆனால் பல தேர்வுகளில், கெடு முடிந்தவுடன் சரியான விடைகள் எல்லோருக்கும் தெரியும்படி அமைத்திருப்பார்கள். விடை வெளியான பிறகு அதே தேர்வை உங்களுக்காகத் திறந்தால் மற்றவர்களுக்கு அநீதியாகும் என்பதால், நல்ல மனம் படைத்த ஆசிரியரும் அப்போது மறுக்க வேண்டியிருக்கும். கெடு முடியும் முன்பே தகவல் போய்ச் சேர்ந்தால் அவர் அதற்கேற்ப முடிவெடுக்கலாம். இந்த வேறுபாடுதான் பல கோரிக்கைகளின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. மின்தடை நீளும்போது கைபேசிக் கோபுரத்தின் பேட்டரியும் தீரத் தொடங்கும். முதலில் இணையம் தடுமாறும், பிறகு சிக்னலே இல்லாமல் போகலாம். மின்சாரம் வந்துவிடும் என்று இரவு வரை காத்திருப்பதைவிட, சிக்னல் இருக்கும்போதே குறுஞ்செய்தியாவது அனுப்பிவிட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்கு முடியும் தேர்வு. ஒரு மணி நேரம், ஒரே வாய்ப்பு. பென்னாகரம் அருகே ஒரு கிராமத்தில் மாலை 6.30 மணிக்கு மின்சாரம் போகிறது. மாணவி 7.45 மணிக்கு இப்படி எழுதுகிறார்:

[திரையில்: செய்தி]

"வணக்கம் அம்மா. மூன்றாம் ஆண்டு கணினி அறிவியல், பதிவு எண் இதனுடன் உள்ளது. எங்கள் ஊரில் மாலை 6.30 முதல் மின்சாரம் இல்லை. மின்வாரியத்தில் பதிவு செய்த புகார் எண்ணையும் அனுப்புகிறேன். இன்று இரவு 10 மணிக்கு முடியும் தேர்வை நான் இன்னும் தொடங்கவில்லை. நாளை மாலை 4 மணி வரை அவகாசம் தர இயலுமா அம்மா?"

இதில் 'இன்னும் தொடங்கவில்லை' என்ற வரியைக் கவனியுங்கள். தொடங்கிய பிறகு மின்சாரம் போனால், சர்வரில் கடிகாரம் நிற்காமல் ஓடி, உங்கள் ஒரே வாய்ப்பும் தீர்ந்துவிடலாம். அப்போது முடியும் நேரத்தை மட்டும் நீட்டினால் பயனில்லை, இன்னொரு வாய்ப்பும் கேட்க வேண்டும். எத்தனையாவது கேள்வியில், எத்தனை மணிக்கு நின்றது என்பதையும் சொல்லுங்கள். இணைப்பு இருந்தவரை எழுதிய விடைகளைத் தளம் இடையிடையே சேமித்திருக்கும் என்பதால் ஆசிரியர் அதைச் சரிபார்க்க முடியும். அடுத்தது, 'நாளை மாலை 4 மணி' என்ற திட்டவட்டமான நேரம். 'கொஞ்சம் டைம் வேண்டும்' என்றால் எந்த நேரத்தைப் பதிவிடுவது என்று ஆசிரியருக்குத் தெரியாது.

புகார் எண்ணுக்கு மின்வாரியத்தின் வாடிக்கையாளர் சேவை மையமான மின்னகத்தை 94987 94987 என்ற எண்ணில் அழைக்கலாம். நேரத்தோடு பதிவாகும் அந்த எண்ணே நல்ல சான்று. மாறாக, பராமரிப்புக்காக முன்கூட்டியே அறிவித்த பகல்நேர மின்தடையைக் காரணம் காட்டினால், முதல் நாளே எழுதியிருக்கலாமே என்ற கேள்வி வரும். அது நியாயமான கேள்விதான்.

காய்ச்சல் என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தின் தேதியிட்ட ஓ.பி. சீட்டு போதும். நோயை விரிவாக விளக்கத் தேவையில்லை. எத்தனை நாள் படுத்திருந்தீர்களோ, ஏறக்குறைய அத்தனை நாள் கேளுங்கள்.

கோப்பு பதிவேற்றும் ஒப்படைப்பாக இருந்தால், கோரிக்கைக்கு முன் Due date, Cut-off date இரண்டையும் பாருங்கள். முதல் தேதி கடந்தாலும் இரண்டாவது தேதி வரை தளம் ஏற்கும். ஆனால் தாமதம் என்று குறிக்கும். அதற்கு மதிப்பெண் குறைப்பார்களா என்பதை மட்டும் ஆசிரியரிடம் கேட்டால் போதுமானதாக இருக்கலாம்.

என்.பி.டி.இ.எல். இணையவழிப் பாடங்களின் வார ஒப்படைப்புகளில் தனி ஒருவருக்காகக் கெடு நீட்டப்படுவதில்லை. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 ஒப்படைப்புகளே கணக்கில் வருவதால், தவறியதை விட்டுவிட்டு அடுத்த வாரத்துக்கு நகருங்கள்.

[திரையில்: மாணவர் பார்க்கும் தேர்வுப் பக்கம்]

ஆசிரியர் சம்மதித்துப் பதில் அனுப்பிய பின், தேர்வுப் பக்கத்தை மீண்டும் திறந்து புதிய நேரம் தெரிகிறதா என்று பாருங்கள். பழைய நேரமே தெரிந்தால், அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே செய்திக்குப் பதிலாக உடனே அனுப்புங்கள். புதிய நேரம் தெரிந்த பிறகே தேர்வைத் தொடங்குங்கள்.