சிறுநீரகக் கல் வலி பிடித்திருக்கும்போது குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கலாமா?

கேள்வி: “டாக்டர், எனக்கு 36 வயசு, அம்பத்தூர்ல டெலிவரி வேலை. நேத்து ராத்திரி வலது விலாவுக்குக் கீழ சுருட்டிப் பிடிச்சு, தொடை இடுக்கு வரைக்கும் வலி இறங்குச்சு. விட்டு விட்டு வருது. நிறைய தண்ணி குடிச்சா கல் வெளிய வந்துடுமா?”

நீங்கள் சொல்வது கல் வலி மாதிரிதான் தெரிகிறது. ஸ்கேன் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஒரு அடையாளம் உண்டு: குடல்வால் வலிக்காரர் அசையாமல் படுத்திருப்பார், கல் வலிக்காரருக்கு உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது.

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய் மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலம்தான். கல் அதில் சிக்கினால் பின்னால் சிறுநீர் தேங்கி, சிறுநீரகம் உப்புகிறது. அந்த அழுத்தம்தான் வலி. குழாய்க்கும் இடுக்குக்கும் நரம்பு வழி ஒன்று என்பதால் வலி கீழே இறங்குகிறது.

இப்போது யோசியுங்கள், அடைத்த குழாய்க்கு மேலே இன்னும் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்? போன மே மாதம் ஒரு ஆட்டோ ஓட்டுநர் வந்தார். நண்பர் சொன்னார் என்று ராத்திரி மூன்று லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் ஒரு பீர். வலி கூடியது, எல்லாம் வாந்தியாக வந்துவிட்டது. டைக்ளோஃபெனாக் ஊசி போட்டோம், அரை மணி நேரத்தில் அடங்கினார். ஸ்கேனில் 4 மில்லிமீட்டர் கல். இந்த அளவு கல் பெரும்பாலும் தானாகவே வெளியே வரும், சில வாரம் ஆகலாம். டீ வடிகட்டியில் சிறுநீரை வடிகட்டச் சொன்னேன், பதினோராம் நாள் கல்லைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். அதைப் பரிசோதனைக்கு அனுப்பினால் எந்த வகைக் கல் என்று தெரியும். அந்த ஊசி மருந்தை நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள், அல்சரோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் ஆபத்து.

ஆகவே வலி இருக்கும்போது தாகத்துக்குக் குடியுங்கள், போதும். நிறையக் குடிப்பது அடுத்த கல் வராமலிருக்க. வெயிலில் வண்டி ஓட்டுகிறவருக்கு எத்தனை லிட்டர் என்று எண்ணுவதைவிட, நாளுக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிறதா என்பதே கணக்கு. நிறம் வெளிர் மஞ்சளாக இருக்கட்டும். வாழைத்தண்டுச் சாறு குடிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அதை நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், வலியோடு குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வந்தால் அது வேறு கதை. அடைப்புக்குப் பின்னால் சீழ் பிடித்திருக்கலாம், சில மணி நேரத்தில் கிருமி ரத்தத்தில் கலந்துவிடும். பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்து உடனே அதை வடிக்க வேண்டும், கல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சிறுநீரே வராவிட்டாலும், ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர், கர்ப்பிணி என்றாலும், வாந்தி நிற்காவிட்டாலும் அப்படித்தான், காத்திருக்காதீர்கள். அறுபது வயதுக்கு மேல் முதல்முறையாக இப்படி வலித்தால் பெரிய ரத்தக் குழாய் வீங்கிக் கசிவதாகவும் இருக்கலாம், உடனே வர வேண்டும்.

வலி நின்றால் கல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அடைப்பு அப்படியே இருந்தும் வலி மங்கிவிடுவதுண்டு. கல் கையில் கிடைக்காவிட்டால் இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.