பார்த்ததை எழுதுங்கள், கேட்டதை விடுங்கள்

அவையோருக்கு வணக்கம்.

உடன் வேலை பார்த்தவர் இறந்துபோனால் அலுவலகத்தின் சார்பில் ஓர் இரங்கல் பதிவு எழுத வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள், துக்கம் தொண்டையில் நிற்கும்போதே எழுத வேண்டும். அப்படி எழுதிய ஒரு வரைவை எடுத்துக்கொண்டு, அதை எங்கே வெட்டுவது, எங்கே கூட்டுவது என்று மட்டும் இன்று பார்ப்போம். வரைவு கற்பனையானது. ஆனால் இதன் சாயலில் வந்த பதிவுகளை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள்.

“நம் கணக்குப் பிரிவின் மூத்த அலுவலர், எட்டு மாதங்களாகப் புற்றுநோயுடன் போராடி, நேற்றிரவு நம்மை விட்டுப் பிரிந்தார். அவருக்கு மனைவியும் பள்ளியில் படிக்கும் இரு மகள்களும் உள்ளனர். எப்போதும் சிரித்த முகம், கடின உழைப்பாளி. அவர் மறைவு ஈடுசெய்ய முடியாத இழப்பு. இறுதிச் சடங்கு நாளை காலை பத்து மணிக்கு மயானத்தில் நடைபெறும்.” கீழே வீட்டு முகவரி, ஒரு கைபேசிப் படம்.

இதை எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதினார். ஆனால் வீட்டைப் பற்றிய செய்திதான் இதில் நிறைய இருக்கிறது. அவர் செய்த வேலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான்: வேலை செய்யும் இடத்தில் நாம் கண்ணால் பார்த்தது நாம் சொல்லத் தக்கது. அவர் வீட்டிலிருந்து நம் காதுக்கு வந்தது குடும்பத்தின் உடைமை, அதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

நோயிலிருந்து தொடங்குவோம். எட்டு மாதம் புற்றுநோய் என்பது அலுவலகத்தில் நாற்பது பேருக்குத் தெரிந்திருக்கலாம். இருந்தாலும் நாற்பது பேருக்குத் தெரிவதும் பொதுவில் எழுதுவதும் ஒன்றாகாது. பாட்டிக்கு இன்னும் சொல்லாத குடும்பங்கள் உண்டு. தந்தையின் நோய் எதுவென்று மகள்களிடம் முழுதாகச் சொல்லாத வீடுகளும் உண்டு. ஆகவே குடும்பம் எழுதச் சொன்னால் எழுதலாம், இல்லையென்றால் “காலமானார்” போதும். அதோடு “திடீரென”, “யாரும் எதிர்பாராத வகையில்”, “துயரமான சூழலில்” என்று ஒட்டு வைக்காதீர்கள். காரணத்தை மறைப்பதாக நினைத்துச் சேர்க்கும் இந்தச் சொற்கள்தான் “என்ன ஆச்சு?” என்று ஊரையே கேட்க வைக்கின்றன. தற்கொலையாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஊடகங்களுக்கான உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல், இறந்த முறையையும் இடத்தையும் விவரிக்காதீர்கள், ஒற்றைக் காரணத்தைச் சுட்டி எளிமைப்படுத்தாதீர்கள் என்கிறது. அலுவலகப் பதிவுக்கும் அதுவே பொருந்தும்.

“இறைவனடி சேர்ந்தார்” போன்ற தொடர்களும் இப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பிக்கையின் சாயல் இருக்கிறது. குடும்பம் பயன்படுத்தினால் நாமும் பயன்படுத்தலாம். தெரியாதபோது “காலமானார்”, “மறைந்தார்” இரண்டும் யாரையும் உறுத்தா.

அடுத்து முகவரியும் நேரமும். நாளை பத்து மணிக்குக் குடும்பத்தார் அனைவரும் எங்கே இருப்பார்கள், எந்த வீடு கவனிப்பாரின்றி இருக்கும் என்பதை இந்த இரண்டும் சேர்ந்து அந்நியருக்குச் சொல்லிவிடுகின்றன. வருவோருக்குத் தனிச்செய்தியாக அனுப்புங்கள். முழுப் பிறந்த தேதியையும் போடாதீர்கள். இறந்தவர் பெயரில் மோசடி செய்வோர் தேடுவது அதைத்தான்.

படத்துக்கு வருவோம். கைபேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் குறிப்பு பதிந்திருக்கக்கூடும். அதை நீக்கிவிட்டுப் போடுங்கள். பின்னணியில் கணினித் திரையோ கழுத்தில் அடையாள அட்டையோ இருந்தால் வெட்டுங்கள். மருத்துவமனைப் படம் கூடவே கூடாது. உடல்நலத்தோடு இருந்தபோது எடுத்த, குடும்பம் பார்த்துச் சம்மதித்த ஒரே படம் போதும்.

இவ்வளவையும் வெட்டினால் பதிவு வறண்டுபோகாதா என்று கேட்பீர்கள். மிச்சமிருப்பதைப் பாருங்கள்: சிரித்த முகம், கடின உழைப்பாளி, ஈடுசெய்ய முடியாத இழப்பு. இந்த மூன்றையும் யாருடைய பெயருக்குக் கீழும் ஒட்டலாம். வறட்சி அங்கேதான் இருக்கிறது. அவர் இருக்கைக்கு இருபுறமும் அமர்ந்த இருவரிடம் போய், “அவர் வேலை செய்யும்போது என்ன செய்வார்?” என்று கேளுங்கள். “எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் “தங்கமானவர்” என்றுதான் பதில் வரும். செயலைக் கேட்டால் செயல் கிடைக்கும். அதில் இரண்டை எடுத்துக்கொண்டால் போதும், ஐந்தாறு சேர்த்தால் பாராட்டுப் பத்திரமாகிவிடும். நகைச்சுவையான ஒன்று கிடைத்தால், அவர் எதிரில் இருந்தால் அதை எல்லோர் முன்னும் சொல்லியிருப்பீர்களா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

திருத்திய பதிவு இப்படி வரும்:

“கணக்குப் பிரிவில் 11 ஆண்டுகள் எங்களோடு பணியாற்றிய நண்பர் செவ்வாய்க்கிழமை காலமானார். மாதக் கடைசியில் கணக்கு இடித்தால், யார் பிழை என்று கேட்க மாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் அமர்ந்து முதல் வரியிலிருந்து கூட்டத் தொடங்குவார். புதிதாக வந்தவர்களுக்காக அவர் கைப்பட எழுதிய குறிப்புகளை வைத்துத்தான் இன்றும் பிரிவில் வேலை பழகுகிறார்கள். அவர் குடும்பத்தாருக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல். அவர்கள் தற்போது தொலைபேசி அழைப்புகளைத் தவிர்க்க விரும்புகிறார்கள். எழுதித் தருவோர் பிரிவுத் தலைவரிடம் தரலாம், அவர் கொண்டுசேர்ப்பார்.”

“நண்பர்” என்ற இடத்தில் பெயர் வரும். மொத்தம் ஏழு வாக்கியங்கள். மனைவி, மகள்கள் தனித்தனியாக வரவில்லை, “குடும்பத்தார்” என்ற சொல்லுக்குள் இருக்கிறார்கள். கடைசி இரண்டு வாக்கியங்களைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அவை இல்லாவிட்டால் அன்புள்ள எழுபது பேர் ஒரே மாலையில் அந்த வீட்டுக்குத் தொலைபேசி அடிப்பார்கள்.

இனி வரிசை. பதிவு நன்றாக இருந்தும் புண்படுத்துவது பெரும்பாலும் வரிசை தவறுவதால்தான். அலுவலகத்தின் சார்பில் ஒருவர், குடும்பத்தின் சார்பில் ஒருவர் என்று முதலில் முடிவாக வேண்டும். மனைவியையோ பெற்றோரையோ தொந்தரவு செய்யாமல், காரியங்களைக் கவனித்துக்கொண்டிருக்கும் உறவினரைத் தேடுங்கள். அவரிடம் கேட்க வேண்டியவை நான்கு: அறிவிக்கலாமா, காரணத்தைச் சொல்லலாமா, எந்தப் படம், வர விரும்புவோருக்கு என்ன சொல்வது. பிறகு முழு வரைவையும் அவருக்கு அனுப்புங்கள். பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அரை நாள் தாமதமானால் ஆகட்டும்.

அந்த இடைவெளியில் நெருங்கிப் பழகிய சகாக்களுக்கு நேரிலோ தொலைபேசியிலோ சொல்லிவிட வேண்டும். விடுப்பில் இருப்பவர், பணி மாறிப் போனவர், அவரிடம் வேலை பழகியவர், இவர்கள்தான் விட்டுப்போவார்கள். பத்து ஆண்டு பக்கத்தில் அமர்ந்தவர் திரையில் படித்துத் தெரிந்துகொண்டால், பதிவு எவ்வளவு அழகாக இருந்தாலும் அவருக்கு அது காயம்தான்.

ஓராண்டு நினைவுப் பதிவு எழுதுவதாக இருந்தால் குடும்பத்தை மறுபடி கேளுங்கள். சென்ற ஆண்டுச் சம்மதம் சென்ற ஆண்டுக்கு மட்டுமே. அது இரண்டு மூன்று வாக்கியங்களில் முடியட்டும், பழைய படமே இருக்கட்டும். அதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்றும் உண்டு: தானாகப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பும் பட்டியலிலிருந்தும் பணி ஆண்டுநிறைவு அறிவிப்பிலிருந்தும் அவர் பெயரை முதல் வாரத்திலேயே எடுத்துவிடச் சொல்லுங்கள். அதை யார் பார்ப்பது என்று ஒருவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். “யாராவது செய்வார்கள்” என்று விட்ட இடத்தில்தான் அந்த வாழ்த்து போய்ச் சேர்கிறது.