ஆவியின் கணக்கு வேறு

நேயர்களுக்கு வணக்கம். மாதக்கணக்கில் எடுக்காமல் நிறுத்திவைத்த ஸ்கூட்டரை உதைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எளிதில் கிளம்பாது. டேங்கில் பெட்ரோல் இருக்கும், வாசனையும் வரும். ஆனால் பெட்ரோல் ஒரே பொருள் அல்ல, பல திரவங்களின் கலவை. அதில் சீக்கிரம் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடுகிறது, மந்தமான பகுதி மிஞ்சுகிறது. மேலே போகும் ஆவியின் கலவையும் கீழே இருக்கும் திரவத்தின் கலவையும் ஒன்றல்ல. எத்தனை வருடம் பாடம் நடத்தினாலும் நான் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தது இந்த ஒன்றைத்தான், இன்றும் அதையே சொல்லப்போகிறேன்.

பெட்ரோலில் கணக்குப் போட முடியாது, அதில் பொருள்கள் ஏராளம். இரண்டே திரவங்களை எடுத்துக்கொள்வோம்: பென்சீன், டொலுயீன். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதால் மாணவர்களிடம் அதை இப்போது கொடுப்பதில்லை. கணக்குப் போடத் தடையில்லை. அருகில் தாளும் பேனாவும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றே எண்கள்தான், மெதுவாகச் சொல்கிறேன்.

20 டிகிரி செல்சியஸில் சுத்தமான பென்சீனை மூடிய குடுவையில், காற்றை நீக்கிவிட்டு வைத்தால், அதன் ஆவி 75 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் தரும். டொலுயீன் 22தான் தரும். 75, 22. பென்சீன் துள்ளி வெளியே போகிறது, டொலுயீன் தயங்குகிறது.

இப்போது இரண்டையும் சம மோல் கலக்கிறோம். சம எடை இல்லை, சம மோல், அதாவது மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம். 78 கிராம் பென்சீன், 92 கிராம் டொலுயீன். ஆளுக்கு ஒரு மோல். மொத்த மோலில் ஒருவருடைய பங்குதான் மோல் பின்னம், இங்கே ஆளுக்கு அரை. பரீட்சையில் ஐம்பது கிராம், ஐம்பது கிராம் என்று கொடுத்திருந்தால் அரை என்று போட்டுவிடாதீர்கள். பென்சீனின் மோல் பின்னம் அங்கே 0.54 ஆகும். பாதிப் பேர் விழுவது இந்த இடத்தில்தான்.

கலந்த பிறகு அழுத்தம் என்ன? கிரனோபில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சு வேதியியலாளர் ரௌல்ட் 1880களில் சொன்ன விதி இதற்கு வழிகாட்டுகிறது. ஒவ்வொரு திரவமும், தான் தனியாக இருந்தால் தரும் அழுத்தத்தை, கலவையில் தன் பங்கு எவ்வளவோ அவ்வளவு மட்டும் தரும். பென்சீன் மூலக்கூறும் டொலுயீன் மூலக்கூறும் கிட்டத்தட்ட ஒரே சாயல். பக்கத்தில் இருப்பது யார் என்பதால் ஒரு மூலக்கூறு வெளியேறுவது கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. பரப்பில் பென்சீன் பாதி என்றால், தனியாக இருந்தபோது வெளியேறியதில் பாதி பென்சீன்தான் வெளியேறும். இதைத்தான் நல்லியல்புக் கரைசல் என்கிறோம்.

அப்படியானால் பென்சீனின் பங்கு 75-ல் பாதி, 37.5. டொலுயீனின் பங்கு 22-ல் பாதி, 11. கூட்டினால் 48.5. மொத்த ஆவி அழுத்தம் அதுதான். பலர் இங்கேயே பேனாவை வைத்துவிடுவார்கள். எனக்குப் பிடித்த பகுதி இதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

ஒருமுறை வகுப்பில் கேட்டேன்: திரவத்தில் ஆளுக்குப் பாதி இருக்கிறதே, மேலே ஆவியில் எவ்வளவு பென்சீன் இருக்கும்? முன்வரிசையில் எல்லோரும் ஒரே குரலில் “பாதி சார்” என்றார்கள். கரும்பலகையில் 37.5, 11 இரண்டும் எழுதித்தான் இருக்கிறது. யாரும் அதைப் பார்க்கவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். “சார், ஆவியிலயும் பாதிதான்னா, அதைக் குளிர வைச்சாலும் திரும்பப் பாதிதானே வரும்? அப்புறம் காய்ச்சி வடிச்சு எதைப் பிரிக்கிறது?” என்றாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. கணக்கே போடாமல் விடையின் பாதியைச் சொல்லிவிட்டாள். ஆவியும் திரவமும் ஒரே கலவையாக இருந்தால், உலகத்தில் எந்த வடிகலனிலும் எதுவும் பிரியாது. பிரிகிறதே, ஆகவே ஆவியில் பாதி இருக்க முடியாது. அந்தப் பெண்ணின் கேள்வியை அதற்குப் பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன்.

மீதிப் பாதிக்குத்தான் கணக்கு. ஆவியில் ஒருவர் பங்கு என்பது மொத்த அழுத்தத்தில் அவருடைய பங்கு. 37.5-ஐ 48.5-ஆல் வகுங்கள். 0.77 வருகிறது. திரவத்தில் 50 சதவீதம் பென்சீன், ஆவியில் 77 சதவீதம். இன்னொரு தடவை சொல்கிறேன், கீழே 50, மேலே 77.

இந்த ஆவியைப் பிடித்துத் தனியாகக் குளிர வைத்தால் 77 சதவீதத் திரவம் கிடைக்கும். அதற்கு மேலே எழும் ஆவி? 0.77 பெருக்கல் 75, ஏறத்தாழ 58. டொலுயீன் 0.23 பெருக்கல் 22, சுமார் 5. மொத்தம் 63. 58-ஐ 63-ஆல் வகுத்தால் 0.92. மறுபடி ஒரு சுற்று, 97 சதவீதத்தைத் தாண்டிவிடும். சுத்திகரிப்பு ஆலையில் நிற்கும் அந்த உயரமான கோபுரங்களுக்குள் தட்டுக்குத் தட்டு நடப்பது இந்த வேலைதான். அங்கே கொதிக்கவைத்துச் செய்வதால் எண்கள் மாறும். நம் சம மோல் கலவை வளிமண்டல அழுத்தத்தில் சுமார் 92 டிகிரியில் கொதிக்கும்; அப்போது முதல் ஆவியில் பென்சீன் 71 சதவீதம்தான். சூடு ஏற ஏற இரண்டு திரவங்களுக்கும் இடையிலான வித்தியாசம் சுருங்குகிறது.

இப்போது தலைகீழாகப் பார்ப்போம். அதே 20 டிகிரியில், கலவைக்கு மேல் இருக்கும் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறோம். 48.5-க்கு வந்ததும் முதல் குமிழி தோன்றும், அதில் பென்சீன் 77 சதவீதம். குறைத்துக்கொண்டே போனால் கடைசித் துளி எப்போது மறையும்? அப்போது ஏறக்குறைய எல்லாமே ஆவி, ஆக ஆவியில்தான் பாதிக்குப் பாதி. 0.5-ஐ 75-ஆல் வகுத்து, 0.5-ஐ 22-ஆல் வகுத்து, இரண்டையும் கூட்டி, ஒன்றை அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் 34. அந்தத் துளியில் பென்சீன் 23 சதவீதம், மிச்சமெல்லாம் டொலுயீன். 48.5-க்கு மேல் முழுக்கத் திரவம், 34-க்குக் கீழ் முழுக்க ஆவி, நடுவில் இரண்டும் சேர்ந்து இருக்கும். படம் போடாமலே படம் வந்துவிட்டது பாருங்கள்.

எதிரே கடிகாரம் அவசரப்படுத்துகிறது. விதி எங்கே நிற்காது என்பதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். கலந்து அளந்து பாருங்கள், அழுத்தம் கணக்கிலிருந்து விலகினால் அது நல்லியல்புக் கலவை இல்லை. அசிட்டோனும் குளோரோஃபார்மும் சம மோல் கலந்தால் 35 டிகிரியில் 319 வர வேண்டும். 255-ஐ ஒட்டித்தான் வருகிறது, ஏனென்றால் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. எத்தனாலும் தண்ணீரும் நேர்மாறு, கணக்கைவிட அழுத்தம் கூடும். அங்கே எடையில் 95.6 சதவீத எத்தனால் வந்ததும் ஆவியும் திரவமும் ஒரே கலவையாகிவிடும். அந்தப் பெண் கேட்டாளே, எதைப் பிரிக்கிறது என்று, அது அங்கே நிஜமாகவே நடக்கிறது. வளிமண்டல அழுத்தத்தில் எத்தனை தட்டு வைத்து வடித்தாலும் அதைத் தாண்ட முடியாது. மிச்சத் தண்ணீரை எடுக்கச் சுட்ட சுண்ணாம்பு மாதிரி நீரை உறிஞ்சும் பொருளைப் போடலாம். வணக்கம்.