கடைசிப் பத்தியில் கிடந்த குடிநீர்

வணக்கம் நேயர்களே. நாளிதழ் ஒன்றின் செய்திப் பிரிவில் பல வருடம் உதவி ஆசிரியராக இருந்தவன் நான். அங்கே என் கையில் பாழாய்ப்போன ஒரு செய்தியைத்தான் இன்று பிரித்துப் பார்க்கப் போகிறேன். ஊர் பெயர் வேண்டாம்.

நகர்மன்றக் கூட்டச் செய்தி அது. பகுதிநேர நிருபர் எட்டுப் பத்தி எழுதி அனுப்பியிருந்தார். முதல் பத்தியில் கூட்டம் செவ்வாய்க்கிழமை நடைபெற்றது, தலைவர் தலைமை வகித்தார், ஆணையரும் துணைத்தலைவரும் முன்னிலை வகித்தனர். இரண்டாம் பத்தியில் 34 தீர்மானங்கள் வாசிக்கப்பட்டன. மூன்றாவது ஒரு வார்டில் எரியாத தெருவிளக்கு, நான்காவது இன்னொரு வார்டில் நாய்த் தொல்லை. ஐந்தாவதில், குடிநீரில் கழிவுநீர் கலந்து வருகிறது, இரண்டு வாரமாகச் சொல்லியும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்று 19-வது வார்டு உறுப்பினர் குற்றம் சாட்டுகிறார். ஆறாவதில் பொறியாளர் பதில் சொல்கிறார்: ஆமாம், சாக்கடைப் பக்கம் குழாய் உடைந்திருக்கிறது, 18 முதல் 21 வரை நான்கு வார்டிலும் தண்ணீர் கெட்டிருக்கிறது, குழாயை மாற்ற வியாழன் முதல் சனி வரை விநியோகம் நிறுத்தப்படும், லாரியில் தண்ணீர் வரும். ஏழாவதில், புகார் வந்ததே வெள்ளிக்கிழமைதான், மறுநாளே ஆய்வு செய்தோம், அதுவரை கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்கிறார் ஆணையர். எட்டாவதில் சில உறுப்பினர்கள் வெளிநடப்பு, நன்றியுரை.

இரவு பத்து மணிக்கு மேல் ஒரு விளம்பரம் வந்தது. பக்கத்தில் ஐந்து பத்திக்குத்தான் இடம். நான் கீழிருந்து மூன்று பத்தியை எடுத்துவிட்டு அனுப்பினேன்.

காலையில் பேப்பர் வந்தது. தெருவிளக்கு இருந்தது, நாய் இருந்தது, உறுப்பினரின் குற்றச்சாட்டும் இருந்தது. அதற்கு நகராட்சி சொன்ன பதில் இல்லை. கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்ற வரி இல்லை. மூன்று நாள் தண்ணீர் வராது என்பதும் இல்லை. பொய் என்று ஒரு வார்த்தை கிடையாது, ஆனாலும் ஒரு தரப்புக்கு அநியாயம் செய்துவிட்டோம், நான்கு வார்டு மக்களுக்குத் தேவையான தகவலை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டோம். அவசரத்தில் வெட்டுபவர் கடைசியிலிருந்துதான் வெட்டுவார், அன்று நான் வெட்டியதைப் போல. ஈய எழுத்துக் கோத்த காலத்தில் நடுவில் கை வைத்தால் மறுபடி கோக்க வேண்டும், அடியில் உள்ள வரிகளை எடுப்பதுதான் சுலபம். இன்றைக்குக் கணினியிலும் அந்த நேரத்தில் எட்டுப் பத்தியையும் படித்துப் பொறுக்க ஆள் இல்லை.

அப்புறம் அந்தச் செய்தியை மூத்த ஆசிரியர் ஒருவரோடு உட்கார்ந்து திருப்பி எழுதிப் பார்த்தேன். "மூன்று நாள் குடிநீர் நிறுத்தம்" என்றுதான் நான் தொடங்கினேன். அவர் கேட்டார்: "பேப்பர் புதன்கிழமை காலையில் போகுது. நிறுத்தம் வியாழக்கிழமைதானே? புதன்கிழமை காலையில் அந்த வீட்டுல என்ன செய்யணும்?" குழாயில் வரும் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது, அதுதானே. அதனால் தொடக்கம் இப்படி மாறியது:

"18 முதல் 21 வரையிலான வார்டுகளில் குடிநீருடன் கழிவுநீர் கலந்துள்ளது. தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்குமாறு நகராட்சி கேட்டுக்கொண்டுள்ளது. உடைந்த குழாயை மாற்றுவதற்காக வியாழன் முதல் சனி வரை அங்கு குடிநீர் விநியோகம் நிறுத்தப்படும்."

மூன்று சின்ன வாக்கியம் என்பதைக் கவனியுங்கள். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி எல்லாவற்றையும் முதல் வாக்கியத்திலேயே திணிக்கச் சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. "செவ்வாய்க்கிழமை நகராட்சி அலுவலகத்தில் தலைவர் தலைமையில் நடைபெற்ற கூட்டத்தில் உறுப்பினரின் கேள்விக்குப் பதிலளித்த பொறியாளர்" என்று போனால், தண்ணீர் வருவதற்குள் வாசகர் அடுத்த செய்திக்குப் போய்விடுவார். வார்டும் கழிவுநீரும் முதலில் வரட்டும், சொன்னவர் யார் என்பது அடுத்த பத்தியின் தொடக்கத்தில் வந்தால் போதும். கழிவுநீர் கலந்ததைப் பொறியாளரே ஒப்புக்கொண்டதால்தான் இங்கே அப்படித் துணிந்து எழுத முடிகிறது. அது வெறும் குற்றச்சாட்டாக இருந்திருந்தால், சொன்னவரை முதல் வாக்கியத்திலேயே கொண்டுவந்தாக வேண்டும்.

இரண்டாம் பத்தியில் பொறியாளர் கூட்டத்தில் சொன்ன விவரம்: குழாய் எங்கே உடைந்தது, லாரித் தண்ணீர் எப்படி வரும். மூன்றாம் பத்திதான் எனக்கு முக்கியம். இரண்டு வாரமாகப் புகார் சொல்லியும் நடவடிக்கை இல்லை என்று உறுப்பினர் சொன்னதும், புகார் வெள்ளிக்கிழமைதான் வந்தது என்று ஆணையர் மறுத்ததும் ஒரே பத்திக்குள். இரண்டையும் பிரிக்கவே கூடாது. குற்றச்சாட்டு மேலே, மறுப்பு கடைசி வரியில் என்று வைத்தால், வெட்டும்போது போவது மறுப்புதான். இடம் போதவில்லை என்றால் இரண்டும் சேர்ந்து போகட்டும். நான்காவது வெளிநடப்பு, ஐந்தாவது தெருவிளக்கும் நாயும், ஆறாவது தீர்மானங்களின் எண்ணிக்கையும் தலைமை வகித்தவரும். எட்டு ஆறாகிவிட்டது.

இது சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. கையால் கடைசிப் பத்தியை மூடிவிட்டுப் படியுங்கள், பிறகு அதற்கு மேலே உள்ளதையும் மூடுங்கள், இப்படியே முதல் பத்தி மட்டும் மிஞ்சும் வரை. ஒவ்வொரு தடவையும் மிச்சம் இருப்பது உண்மையாகவும் இரு தரப்புக்கும் நியாயமாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். சின்னச் சின்னப் பிசகெல்லாம் அப்போதுதான் தெரியும். உறுப்பினர்கள் மூன்று கோரிக்கை வைத்தனர் என்று மேலே எழுதியிருப்போம், மூன்றாவது கீழே போயிருக்கும். தலைப்பில் உள்ள எண்ணிக்கை கடைசிப் பத்தியில் மட்டும் இருக்கும். இடம் மாற்றிய பத்தி "மேலும் அவர்" என்று தொடங்கும், அந்த அவர் யார் என்பது இப்போது இரண்டு பத்தி கீழே இருக்கும். பத்திகளை வெட்டி ஒட்டினால் மட்டும் போதாது, ஒவ்வொரு பத்தியின் முதல் வரியையும் திரும்ப எழுத வேண்டியிருக்கும்.

அந்த நிருபர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்வதுதான் மனித இயல்பு. 1865 ஏப்ரல் 14 இரவு வாஷிங்டன் நாடக அரங்கில் ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டபோது, அசோசியேட்டட் பிரஸ் நிருபர் லாரன்ஸ் கோப்ரைட் முதலில் அனுப்பிய தந்தி ஒரே வரி: ஜனாதிபதி இன்றிரவு அரங்கில் சுடப்பட்டார், காயம் உயிரைப் பறிக்கக் கூடும். அதே நிறுவனம் அன்றிரவு அனுப்பிய நீண்ட செய்தியோ, ஜனாதிபதியும் மனைவியும் நண்பர்களோடு நாடகம் பார்க்கப் போனார்கள் என்று தொடங்குகிறது. நாடகத்துக்கு வருவதாக இருந்த ஜெனரல் கிராண்ட் வராமல் ரயில் ஏறிப் போனதைக்கூடச் சொல்லிவிட்டுத்தான் துப்பாக்கிச் சத்தத்துக்கு வருகிறது.

எல்லாச் செய்தியையும் இப்படித் திருப்ப முடியாது. ஒருவர் வாழ்க்கையைச் சொல்லும் கட்டுரையில் முடிவை முதலில் போட்டால் படிக்க ஒன்றும் மிஞ்சாது. அந்த மாதிரிக் கட்டுரைகளை அனுப்பும்போது "கடைசிப் பத்தியை வெட்ட வேண்டாம், இடம் போதாவிட்டால் நான்காவதை எடுக்கலாம்" என்று மேலே குறிப்பு எழுதி அனுப்புங்கள். மேலே இருந்தால்தான் இரவுப் பணியில் இருப்பவர் கண்ணில் அந்தக் குறிப்பு பட வாய்ப்பு அதிகம்.