பத்து மாதச் சராசரியா, முப்பது வருஷச் சராசரியா?

தோழர்களே, போன கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "ஆயுள் முழுக்க உழைத்ததற்குத்தானே பென்ஷன், அப்புறம் ஏன் கடைசிப் பத்து மாதச் சம்பளத்தை மட்டும் பார்க்கிறார்கள், மொத்த சர்வீசின் சராசரியைப் பார்ப்பதுதானே நியாயம்?" என்று கேட்டார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பழைய பென்ஷன் திட்டத்தில் மத்திய அரசு ஊழியருக்குக் கடைசிப் பத்து மாத அடிப்படைச் சம்பளத்தின் சராசரியில் பாதிதான் பென்ஷனாக இருந்தது. டிசம்பரில் ஓய்வு பெறுகிறவருக்கு செப்டம்பரில் இன்க்ரிமென்ட் வந்து, 10,000 ரூபாய் 10,250 ஆனது என்று வையுங்கள். ஆறு மாதம் பழைய சம்பளம், நாலு மாதம் புதுசு, சராசரி 10,100. பாதி 5,050. கடைசிச் சம்பளத்தில் பாதி என்றால் 5,125 கிடைத்திருக்கும். இந்த இழப்பு 2006 ஜனவரி முதல் இல்லை, ஏனென்றால் கடைசிச் சம்பளம், பத்து மாதச் சராசரி, இரண்டில் எது அதிகமோ அதை எடுக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள்.

சரி, இப்போது முழு சர்வீஸ். முதல் பத்து வருஷம் மாதம் 5,000, அடுத்த பத்து வருஷம் 20,000, கடைசிப் பத்து வருஷம் 60,000 வாங்கிய ஒருவர். மூன்றையும் கூட்டி வகுத்தால் 28,333, அதில் பாதி சுமார் 14,170. கடைசிச் சம்பளத்தில் பாதியோ 30,000! பாதிக்கும் மேலே கைவிட்டுப் போய்விடுகிறது. அன்றைய ஐயாயிரத்தை இன்றைய ஐயாயிரம் என்று எண்ணினால் இப்படித்தான் ஆகும்.

பிரிட்டனில் 2015 ஏப்ரலில் தொடங்கிய அரசு ஊழியர் திட்டம் முழு சர்வீஸ் சராசரிதான். ஆனால் அங்கே ஒவ்வொரு வருஷச் சம்பளத்திலும் 2.32 சதவீதத்தை ஊழியர் பெயரில் பென்ஷனாக வரவு வைத்து, விலைவாசி ஏற ஏற அதையும் ஏற்றிக்கொண்டே வருகிறார்கள். நம் ஆளுக்கும் அப்படிச் செய்வோம். விலைவாசிப்படி அந்த 5,000 இன்றைக்கு 20,000க்கும், 20,000 இன்றைக்கு 40,000க்கும் சமம் என்று கொள்வோம். சராசரி 40,000, பாதி 20,000. அப்போதும் பத்தாயிரம் குறைகிறதே, அது எங்கே போனது? பதவி உயர்வால் வந்த சம்பளம் அவர் முப்பது வருஷத்துக்கும் வாங்கியதல்ல, கடைசியில் வாங்கியது.

பிரமோஷனே இல்லாமல், இன்றைய மதிப்பில் எப்போதும் 40,000 வாங்கியவருக்கு இரண்டு முறையிலும் 20,000தான். அதனால் எனக்குப் பத்து மாத முறையில் ஒரு உறுத்தல் உண்டு. ஓய்வுக்கு ஒரு வருஷம் முன்னால் மேல் பதவிக்குப் போனவருக்கு முழு சர்வீசுக்கும் அந்தப் பதவியின் பென்ஷன், கீழேயே இருந்துவிட்டவருக்கு அது இல்லை.

ஆனாலும் சராசரிக்கு மாறச் சொல்லி ஒரு சுற்றறிக்கை வந்தால், முதலில் தேட வேண்டியது ஒரே வரிதான். பழைய சம்பளத்தை எந்தக் குறியீட்டின்படி உயர்த்துகிறார்கள்? அந்த வரி இல்லாத காகிதத்தில் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள்.