புட்டியில் அச்சிட்ட எண்ணும் தோலுக்குள் போகும் அமிலமும்

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

முகத்தில் இறந்த செல்களை உதிர்க்கும் அமிலப் பூச்சுகள் இப்போது கோபியிலும் தாராபுரத்திலும்கூட மருந்துக்கடை அலமாரிக்கு வந்துவிட்டன. சீரம் என்றும் டோனர் என்றும் பீலிங் என்றும் பெயர் போட்டு, கிளைக்காலிக் 5 சதவீதம், கிளைக்காலிக் 10 சதவீதம் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். வாங்குகிறவர்கள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். எண் கூடினால் வேலையும் கூடும், எண் குறைந்தால் மென்மை என்று நினைக்கிறார்கள். அந்தக் கணக்கு பல நேரம் தலைகீழாகப் போய்விடுகிறது. அது ஏன் என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

நான் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் ஆய்வகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவன். அமிலத்தைப் பற்றி எனக்குப் பாடம் சொல்லித்தந்தது பனியன் துணிதான். அதிலிருந்தே தொடங்குகிறேன். நேயர்களில் பலருக்குப் பட்டறை பழக்கமான இடமாகத்தான் இருக்கும்.

பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது சோடா போடுகிறோம். சாயம் ஏறி முடிந்து அலசிய பிறகும் துணியில் காரம் மிச்சம் இருக்கும். அதை அடக்க அசெட்டிக் ஆசிட் ஊற்றுகிறோம். அதன் பிறகு துணியின் மேலுள்ள பிசிறை எடுக்க என்சைம் போடுவோம். அமில வகை என்சைமுக்குத் துணி ஊறும் தொட்டித் தண்ணீரின் பிஎச் 4.5 முதல் 5.5 வரை இருக்க வேண்டும். பிஎச் என்பது அமிலத்தன்மையைக் காட்டும் எண், எண் இறங்கினால் அமிலத்தன்மை கூடும். அந்த எல்லையை விட்டு நகர்ந்தால் அது மந்தமாகிவிடும்.

பட்டறைக்காரர்கள் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எத்தனை கிலோ ஆசிட் ஊற்றினாய்? வெளிர் நிறத் துணிக்கு ஊற்றிய அதே கிலோவை அடுத்த தொட்டியில் கருநீலத்துக்கும் ஊற்றுவார்கள். வெளிர் நிறம் பிசிறில்லாமல் வழவழப்பாக வரும். கருநீலம் பிசிறோடு வரும். உடனே என்சைம் டிரம்மில்தான் கோளாறு என்று சண்டை கிளம்பும். பிஎச் தாளை நனைத்துப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். அடர் நிறத்துக்குச் சோடா அதிகம் போட்டிருப்பார்கள், துணியில் மிச்சமும் அதிகம் இருக்கும். ஊற்றிய அசெட்டிக் ஆசிட்டில் பெரும்பகுதி அந்தச் சோடாவோடு சேர்ந்து சோடியம் அசெட்டேட் என்ற உப்பாகிவிட்டது. தொட்டியில் ஊற்றிய கிலோ குறையவில்லை. அமிலமாக இருந்து வேலை செய்ய வேண்டிய பங்குதான் குறைந்துவிட்டது. கிலோவைக் கேட்காதீர்கள், பிஎச் என்ன என்று கேளுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். இன்றும் அதையேதான் சொல்லப்போகிறேன், முகத்துக்காக.

கிளைக்காலிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் ஆல்ஃபா ஹைட்ராக்சி அமிலங்கள். தோல் செதில் செதிலாகத் தடிக்கும் ஒரு நோய்க்கு இந்த வகை அமிலங்கள் பலன் தருவதை வான் ஸ்காட், யூ என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1974இல் எழுதினார்கள். தோலின் மேலடுக்கில் இறந்த செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடிப்பை இந்த அமிலம் தளர்த்துகிறது. அதற்கு முதலில் அது அந்த அடுக்குக்குள் நுழைய வேண்டும்.

அங்கேதான் சங்கதி இருக்கிறது. தண்ணீரில் இந்த அமிலம் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று முழு மூலக்கூறு, மின்னேற்றம் இல்லாதது. இதைக் கட்டற்ற அமிலம் என்று வைத்துக்கொள்வோம். மற்றொன்று ஹைட்ரஜனை இழந்து மின்னேற்றம் பெற்ற வடிவம், அதாவது உப்பாக நிற்பது. செல்களுக்கு நடுவே இருக்கும் கொழுப்பு அடுக்கைக் கடந்து எளிதாக உள்ளே போவது கட்டற்ற அமிலம்தான். உப்பு வடிவம் பெரும்பாலும் மேலேயே தங்கிவிடுகிறது. கொஞ்சம் ஈரத்தைப் பிடித்துவைக்கும், ஆனால் உதிர்க்கும் வேலையில் அதற்குப் பெரிய பங்கில்லை.

புட்டியில் அச்சிட்ட சதவீதம் இந்த இரண்டையும் கூட்டிய கணக்கு. அதில் எத்தனை பங்கு கட்டற்ற அமிலம் என்பதை முடிவுசெய்வது பிஎச்.

பேனா வைத்திருப்பவர்கள் ஓர் எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: 3.8. கிளைக்காலிக் அமிலத்துக்கும் லாக்டிக் அமிலத்துக்கும் ஏறக்குறைய இதே எண்தான். பிஎச் 3.8ஆக இருந்தால் சரிபாதி கட்டற்ற அமிலம், சரிபாதி உப்பு. பிஎச் ஒரு படி ஏறி 4.8 ஆனால், பதினொன்றில் ஒரு பங்குதான் கட்டற்ற அமிலம். ஒரு படி இறங்கி 2.8 ஆனால், பதினொன்றில் பத்துப் பங்கு கட்டற்றது. ஒரு படி என்று கேட்கும்போது சின்ன மாற்றம்போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு படிக்கும் இரண்டு வடிவங்களுக்கும் இடையிலான விகிதம் பத்து மடங்கு மாறுகிறது.

இனி எங்கள் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். பெருந்துறையில் இருக்கும் என் அக்கா மகள் 10 சதவீதக் கிளைக்காலிக் டோனரை மாதக்கணக்கில் தினமும் பூசிவந்தாள். ஒரு தொந்தரவும் இல்லை, பெரிய பலனும் இல்லை. அது தீர்ந்ததும் வேறொரு கடையில் 5 சதவீதம் என்று போட்ட ஒன்றை வாங்கினாள். பாதிதானே என்று அதையும் தினமும் இரவில் பூசினாள். ஒரு வாரத்துக்குள் மூக்கோரமும் வாயோரமும் எரிச்சல், சிவப்பு, தோல் உரிதல். "மாமா, பாதி சதவீதம் போட்டதற்கு இப்படி எரிகிறதே, உள்ளே வேறு ஏதாவது கலந்திருப்பார்களா?" என்று இரண்டு புட்டிகளையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பழைய புட்டியின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

பிஎச் தாளை எடுத்து இரண்டிலும் நனைத்தேன். பழைய 10 சதவீதத்தில் 4.5. புதிய 5 சதவீதத்தில் 3.5. "அம்மிணி, கணக்குப் போடு" என்றேன். பிஎச் 4.5இல் கட்டற்ற பங்கு நூற்றுக்குப் பதினெட்டு. ஆகவே 10 சதவீதத்தில் உண்மையாக வேலைக்கு வருவது 1.8 சதவீதம்தான். பிஎச் 3.5இல் கட்டற்ற பங்கு நூற்றுக்கு அறுபத்தெட்டு. 5 சதவீதத்தில் வேலைக்கு வருவது 3.4 சதவீதம். மறுபடியும் சொல்கிறேன், வானொலியில் எண்கள் காற்றோடு போய்விடும். பத்து என்று எழுதிய புட்டியில் 1.8. ஐந்து என்று எழுதிய புட்டியில் 3.4. பாதி என்று நம்பி வாங்கியதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. வேறு எதையும் கலக்கவில்லை. சில நாள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் தோல் ஆறிய பிறகு, அதே 5 சதவீதத்தை வாரத்தில் இரண்டு இரவு மட்டும் பூசச் சொன்னேன். அது அவளுக்கு ஒத்துக்கொண்டது.

தயாரிப்பாளர்கள் பிஎச்சை ஏன் ஏற்றுகிறார்கள் என்று கேட்கலாம். ஏற்றித்தான் ஆக வேண்டும். எதுவும் சேர்க்காமல் 10 சதவீதக் கிளைக்காலிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்தால் பிஎச் 2க்கும் கீழே இறங்கிவிடும், முகம் தாங்காது. அதனால் சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற காரத்தைச் சேர்த்து ஏற்றுகிறார்கள். எவ்வளவு ஏற்றினார்கள் என்பதுதான் கேள்வி. உட்பொருள் பட்டியலில் அந்தக் காரத்தின் பெயர் இருக்கும், அளவு இருக்காது. அமெரிக்காவில் அழகுப்பொருள்களின் மூலப்பொருள்களை ஆராயும் ஒரு நிபுணர் குழு 1998இல் வெளியிட்ட அறிக்கையில், வீட்டுப் பயன்பாட்டுக்கு இந்த அமிலங்கள் 10 சதவீதத்துக்கு மிகாமலும், பிஎச் 3.5க்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்றது. பயிற்சி பெற்றவர்கள் சிறிது நேரம் பூசி நன்றாகக் கழுவிவிடும் முறைக்கு 30 சதவீதம், பிஎச் 3. இரண்டு இடத்திலும் சதவீதத்தோடு பிஎச்சும் சேர்ந்தே வருவதைக் கவனியுங்கள்.

சதவீதத்துக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டு புட்டியிலும் பிஎச் ஒரே அளவாக இருந்தால் 10 சதவீதம் 5 சதவீதத்தைவிட இரண்டு மடங்குதான். பிஎச் தெரியாத சதவீதத்தைக் கொண்டு இரண்டு புட்டிகளை ஒப்பிட முடியாது என்றுதான் சொல்கிறேன்.

வீட்டில் பார்க்க விரும்புகிறவர்கள் லிட்மஸ் தாளை வாங்காதீர்கள். அது அமிலமா காரமா என்று மட்டும்தான் சொல்லும். 1 முதல் 14 வரை காட்டும் தாளும் போதாது. 2.5 முதல் 4.5 வரை போன்ற குறுகிய எல்லைத் தாள் ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். பூச்சை அப்படியே தொட்டுப் பாருங்கள், தண்ணீர் கலக்காதீர்கள். சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டிலாவது கலந்தால் பரவாயில்லை. ஆனால் நம் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட்டு அமிலத்தைத் தின்றுவிட்டு பிஎச்சை ஏற்றிக் காட்டும். எண்ணெய் மிகுந்த கிரீமிலும் நிறம் சேர்த்த திரவத்திலும் தாளை நம்ப முடியாது. தாள் சரியாகக் காட்டினாலும் ஒரு 0.3 இப்படி அப்படிப் போகலாம். அந்த 0.3 சாதாரணமில்லை: 3.5இல் நூற்றுக்கு அறுபத்தெட்டாக இருந்த பங்கு 3.8இல் பாதிக்கு வந்துவிடுகிறது. ஆகவே தாளில் 3.5க்கும் 4.5க்கும் உள்ள வேறுபாட்டை நம்புங்கள், 3.5க்கும் 3.7க்கும் உள்ளதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். தயாரிப்பாளரே பிஎச்சை அச்சிட்டிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஆப்பச்சோடா போட்டு நீங்களே பிஎச்சைச் சரிசெய்யும் வேலை மட்டும் வேண்டாம்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். சாலிசிலிக் அமிலத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், இரண்டு வரியில் முடிக்கிறேன். அது சரிபாதி கட்டற்றதாக இருக்கும் பிஎச் 3.8 இல்லை, ஏறக்குறைய 3. அதனால் 2 சதவீதச் சாலிசிலிக் பிஎச் 4இல் இருந்தால் கட்டற்றது 0.2 சதவீதம்கூட வராது. ஆனால் அது தண்ணீரில் எளிதில் கரையாது, ஆல்கஹால் போன்றவற்றில் கரைத்து விற்கிறார்கள். அங்கே இந்தக் கணக்கு கொஞ்சம் நகரும்.

கடைசியாக வெயில். ஆல்ஃபா ஹைட்ராக்சி அமிலம் பூசிய தோல் சீக்கிரம் வெயிலில் கன்றிவிடும். பூசும் நாள்களிலும், நிறுத்திய பிறகு ஒரு வாரமும் சன்ஸ்கிரீன் வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005இல் சொன்னது. சித்திரை வெயிலில் வண்டி ஓட்டுகிறவர்கள் இரவில் மட்டும் பூசுங்கள், பகலில் சன்ஸ்கிரீனோடு முகத்துக்கு ஒரு துணியும் கட்டிக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.